நாலு விசில் என்பது எத்தனை நிமிடம்?

"அக்கா, பருப்புக்கு எத்தனை விசில் விடணும்?" குக்கரை இரவல் வாங்கிப் போகும் எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்றபடி கேட்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைத்தான். "நாலு விடு, போதும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு தட்டப்படும். பருப்பு வேகவே இல்லை என்பாள், அல்லது அடிப்பிடித்த வாடை வருகிறது என்பாள், அல்லது மூடி திறக்க வரவில்லை என்று குக்கரோடு வந்து நிற்பாள். நாம் சொன்னதில் தவறில்லை. நம் வீட்டில், நம் அடுப்பில், நாலு விசிலில் பருப்பு குழைந்துதான் வருகிறது. குக்கர் எதிர்வீட்டுக்குப் போனாலும் அந்தக் கணக்கு நம் அடுப்போடு தங்கிவிடுகிறது.

முதல்முறை குக்கர் வைக்கிறவருக்கு ஒரு சிறிய அட்டையை எழுதிக் கூடவே கொடுத்துவிடுவது இரண்டு வீட்டுக்கும் நல்லது. அதில் எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதாது. எந்தத் தீயில் அந்த எண்ணிக்கை, எவ்வளவு தண்ணீரில், எப்போது திறப்பது என்பதும் இருக்க வேண்டும். ஏன் என்று புரிய, விசில் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

மூடியின் நடுவில் ஒரு சிறு குழாய் இருக்கிறது. அதன் வாயில்தான் வெயிட் உட்காருகிறது. உள்ளே தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. ஆவி வெளியே போக வழியில்லாததால் அழுத்தம் ஏறுகிறது. நம் ஊர் வீட்டுக் குக்கர்களில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ வரை ஏறும்படி வெயிட்டின் எடை கணக்கிடப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் ஆவி வெயிட்டை முட்டித் தூக்கிக்கொண்டு வெளியே பாய்கிறது. அந்தச் சத்தம்தான் விசில். கொஞ்சம் ஆவி போனதும் அழுத்தம் தணிந்து வெயிட் மறுபடி உட்காருகிறது. 1679 வாக்கில் லண்டனில் எலும்பையே குழைய வேகவைக்கும் ஒரு பாத்திரத்தைச் செய்துகாட்டிய டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரரின் யோசனையும் இதுதான்: ஒரு துளை, அதன்மேல் ஒரு எடை. அவர் எடையை ஒரு நெம்புகோலில் தொங்கவிட்டார். நாம் நேராகத் துளைமேலேயே வைக்கிறோம்.

ஆக, உள்ளே வேண்டிய அழுத்தம் வந்துவிட்டது, மிஞ்சியதை வெளியே விடுகிறேன் என்பதற்கு மேல் விசில் எதையும் சொல்வதில்லை. பருப்பு வெந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

பருப்பை வேகவைப்பது உள்ளே இருக்கும் சூடும் அந்தச் சூட்டில் அது கிடக்கும் நேரமும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்குமேல் சூடாகாது. குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் கொதிநிலை 120 டிகிரிக்குப் போகிறது. இருபது டிகிரிதான் வித்தியாசம் என்றாலும் வேகும் வேகம் மூன்று நான்கு மடங்கு கூடிவிடுகிறது. ஊட்டி மாதிரி உயரமான ஊரில் இது இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடுவதால் பருப்பு எளிதில் மசியாது. குக்கருக்குள்கூட அங்கே 116 டிகிரி அளவில்தான் நிற்கும் என்பதால், சென்னைக் கணக்கோடு கூட இரண்டு மூன்று நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். வேண்டிய அழுத்தம் வந்த பிறகும் அடுப்பைப் பெரிதாகவே வைத்திருந்தால் நிமிடத்துக்கு ஒரு விசில்கூட வரும். நடுத்தீயில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்று. சிம்மில் வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. சிறிய பர்னராக இருந்தால் வெயிட் சும்மா புசுபுசுவென்று ஆவி விட்டுக்கொண்டே இருக்கும், விசிலே வராது. மூன்று வீட்டிலும் உள்ளே இருப்பது அதே 120 டிகிரி. ஆனால் "நாலு விசில்" என்பது முதல் வீட்டில் நான்கைந்து நிமிடம், இரண்டாவதில் பத்து நிமிடம், மூன்றாவதில் இருபது நிமிடம். முதல் வீட்டில் பருப்பு நறுக்கென்று இருப்பதும் மூன்றாம் வீட்டில் கூழாவதும் இதனால்தான்.

பெரிய தீயில் வைப்பதால் இன்னொரு நஷ்டமும் உண்டு. கேஸ் அடுப்பைக் கடைசிவரை முழுதாக எரியவிட்டால், விசில் தொடங்கியபின் பத்து நிமிடத்தில் ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் போய்விடக்கூடும். அடியில் ஊற்றியதே ஒரு டம்ளர்தான் என்றால் மிச்சமிருப்பது வெறும் அலுமினியமும் தீயும்.

அதனால் அட்டையில் நான் எழுதிக் கொடுப்பது இப்படி: முதல் விசில் வரும்வரை பெரிய தீ. முதல் விசில் வந்ததும் சிம். அங்கிருந்து கடிகாரம். முதல் விசில் நேரத்தைத் தொடங்கிவைக்கிறது, அவ்வளவுதான். விசிலை எண்ணித்தான் பழக்கம், கடிகாரமெல்லாம் வேண்டாம் என்கிறவருக்கு நடுத்தீயில் எத்தனை விசில் என்ற கணக்கும் பக்கத்தில் இருக்கட்டும். தமிழ்ச் சமையலறையில் அந்த எண்ணிக்கையை ஒழித்துவிட முடியாது; ஒழிக்கவும் வேண்டாம்.

ஒரு பகல் சமையலுக்கான அட்டை இது. நம் வீடுகளில் குக்கர் அதிகம் படும் வேலை இதுதான்: கீழே பருப்பு, மேலே சாதம். டம்ளர் என்பது 200 மில்லி.

பருப்பும் சாதமும், இரண்டு பேருக்கு
(5 லிட்டர் அலுமினியக் குக்கர், வெளிமூடி, தனி வெயிட். கேஸ் அடுப்பில் மட்டும்.)

மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெயிட் உட்காரும் குழாய் வழியே பார். வெளிச்சம் தெரிந்தால்தான் அடுப்பில் வை.
குக்கர் அடியில் 2 டம்ளர் தண்ணீர், சிறு துண்டு புளி. அதன்மேல் ஓட்டைத் தட்டு.
கீழ்ப் பாத்திரத்தில் கழுவிய துவரம்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் ஒன்றரை டம்ளர், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, நல்லெண்ணெய் அரை ஸ்பூன். உப்பு, புளி வேண்டாம்.
மேல் பாத்திரத்தில் கழுவிய பொன்னி பச்சரிசி 1 டம்ளர், தண்ணீர் இரண்டரை டம்ளர். ஒரு தட்டால் மூடு.
குக்கரை மூடு. கைப்பிடி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். வெயிட் இப்போது வேண்டாம். அடுப்பு பெரிதாக.
குழாயிலிருந்து ஆவி நேராக, விடாமல் வரும்வரை பார்த்துக்கொண்டிரு. வந்ததும் வெயிட் போடு.
முதல் விசில் வந்ததும் சிம். 10 நிமிடம். (நடுத்தீயில் என்றால் மொத்தம் 4 விசில்.)
அடுப்பை அணை. 15 நிமிடம் தொடாதே.
ஸ்பூன் காம்பால் வெயிட்டை லேசாகத் தூக்கு. சத்தம் வந்தால் விட்டுவிடு, இன்னும் பொறு. சத்தமே இல்லையென்றால் வெயிட்டை எடுத்துவிட்டு மூடியைத் திற.

இவ்வளவுதான் அட்டை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு. எல்லாவற்றையும் அட்டையில் எழுத இடம் இருக்காது. கேட்டால் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடியில் போடும் புளித் துண்டு ருசிக்காக இல்லை. உப்புத்தண்ணீர், போர் தண்ணீர் கொதித்தால் அலுமினியம் உள்ளே கறுத்துப்போகும். கொஞ்சம் புளிப்பு இருந்தால் கறுக்காது. பிழிந்த எலுமிச்சை மூடி கிடந்தால் அதையே போடலாம். ஆனால் பருப்போடு புளி சேரக் கூடாது. புளிப்பு பட்டால் பருப்பின் தோலும் சதையும் இறுகி, எத்தனை விசில் விட்டாலும் நறுநறுவென்று நிற்கும். சாம்பாருக்குப் புளியைக் கடைசியில் கரைத்துவிடுவது இதற்காகவும்தான்.

எண்ணெய் விடுவது நுரைக்கு. பருப்பு கொதிக்கும்போது பொங்கும் நுரை பாத்திரத்திலிருந்து வழிந்து, மூடியின் குழாய்க்குள் ஏறி, அங்கேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். குக்கரில் நடக்கும் விபத்துகளுக்கு இந்த அடைப்பு ஒரு முக்கியக் காரணம். அரை ஸ்பூன் எண்ணெய் நுரையை அடக்கிவிடும். பருப்பைத் தனிப் பாத்திரத்தில் வைக்காமல் நேரே குக்கரிலேயே போடுகிறவர்கள் குக்கரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. தண்ணீரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அரிசி, கஞ்சி, ரசம் மாதிரி பொங்குகிறதும் தண்ணீராக இருப்பதும் பாதி வரை. காய்கறி, கறி என்றால் மூன்றில் இரண்டு பங்கு. எதுவாக இருந்தாலும் விளிம்பு வரை கிடையாது. "அஞ்சு லிட்டர் குக்கர்தானே, அஞ்சு லிட்டர் பிடிக்குமே" என்று கேட்பவரிடம் மேலே காலியாக இருக்கும் இடம்தான் ஆவிக்கு என்று சொல்ல வேண்டும்.

வெயிட்டைப் பிறகு போடச் சொல்வதைப் பலர் தேவையில்லாத சாங்கியம் என்று நினைக்கிறார்கள். மூடியோடு சேர்த்தே வெயிட்டையும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் அட்டையின் மிக முக்கியமான வரி அதுதான். குழாயிலிருந்து ஆவி நேராக எழும்பி வந்தால் இரண்டு விஷயம் உறுதியாகிறது. ஒன்று, பாதை அடைபடவில்லை. இரண்டு, உள்ளே இருந்த காற்று பெரும்பாலும் வெளியேறிவிட்டது. காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டால் அழுத்தத்தில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்ளும், சூடு அந்த அளவுக்குக் குறையும். முதல்முறை வைக்கிறவருக்கு அந்தச் சில நிமிடம் அடுப்பருகே நிற்பது ஒரு நல்ல பயிற்சியும்கூட. ஆவி நடுவிலிருந்து வராமல் பக்கவாட்டிலிருந்து வந்தால் மூடி சரியாக உட்காரவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். வெயிட்டும் மூடியும் பிரிக்க முடியாமல் சேர்ந்தே வரும் உள்மூடிக் குக்கர்களில் இது செல்லாது. அவற்றில் வெயிட்டைப் பிடுங்கப் பார்க்கக் கூடாது.

வெயிட்டைப் பற்றி இன்னொன்று. ஒவ்வொரு கம்பெனியும் தன் குழாயின் துளை அளவுக்குத் தக்கபடி வெயிட்டின் எடையை வைக்கிறது. வேறு குக்கரின் வெயிட் இதில் உட்காரும், சத்தமும் போடும். ஆனால் எந்த அழுத்தத்தில் தூக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இரவல் கொடுக்கும்போது வெயிட்டைக் கையில் கொடுத்து, "இது இந்தக் குக்கரோடது, மாத்திப் போட்டுடாதேம்மா" என்று சொல்லிவிட வேண்டும். திரும்பி வரும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். குக்கர் வந்துவிடும், மூடி வந்துவிடும், வெயிட் மட்டும் அவர்கள் வீட்டு ஸ்பூன் ஸ்டாண்டில் கிடக்கும்.

அணைத்தபின் காத்திருக்கச் சொல்வதில்தான் புதியவர்கள் பொறுமை இழக்கிறார்கள். அடுப்பு அணைந்துவிட்டது, விசிலும் நின்றுவிட்டது, இன்னும் என்ன? வெளியே அமைதியாக இருந்தாலும் உள்ளே அப்போதும் 120 டிகிரிதான். இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள மூடி ஒன்றின்மேல், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்றால், உள்ளிருந்து முட்டும் மொத்த விசை ஏறக்குறைய 300 கிலோ. அதை இரண்டு கையால் திருகித் திறக்கப் பார்ப்பது எப்படிப்பட்ட காரியம் என்று யோசித்துக்கொள்ளலாம்.

எப்படியோ வலிந்து திறந்துவிட்டால் நடப்பது இன்னும் மோசம். அழுத்தம் சட்டென்று போனதும் 120 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். மிஞ்சிய சூட்டை அது ஒரே வழியில்தான் தொலைக்கும், தன்னில் ஒரு பகுதியை அந்த நொடியே ஆவியாக்கி. ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராமுக்குச் சற்று மேல் இப்படிப் போகும். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் அது ஆவியாகும்போது 60 லிட்டர் இடத்தை அடைக்கும். ஐந்து லிட்டர் பாத்திரத்துக்குள்ளிருந்து 60 லிட்டர் ஆவி ஒரே மூச்சில் கிளம்பினால் பருப்பையும் கையோடு வாரிக்கொண்டு முகத்துக்கும் கூரைக்கும் போகும். குக்கர் "வெடித்தது" என்று சொல்லப்படுவதில் பல, பாத்திரம் உடைந்ததால் நடந்தவை அல்ல, மூடி முன்கூட்டியே திறந்ததால் நடந்தவை.

காத்திருக்கும் பதினைந்து நிமிடமும் சமையலில் சேர்ந்ததுதான். அடுப்பு அணைந்தபின்னும் 100 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும்வரை பருப்பு வெந்துகொண்டேதான் இருக்கும். மேலே சொன்ன 10 நிமிடக் கணக்கு இந்த நேரத்தையும் நம்பித்தான் போடப்பட்டிருக்கிறது. ஸ்பூனால் வெயிட்டைத் தூக்கிப் பிடித்து ஆவியைச் சர்ரென்று வெளியேற்றினால் பருப்பு அரைவேக்காடாகவும் வரும், மஞ்சள் நுரை மேடையெங்கும் தெறிக்கவும் செய்யும். அவசரம் என்றால் குழாயடியில் பிடித்து மூடியின் ஓரத்தில் தண்ணீர் ஓடவிடலாம். சேஃப்டி வால்வின் மேலும் குழாயின் மேலும் படாமல். தினசரி பழக்கமாக அதைச் செய்ய வேண்டாம்.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடக்கும். இரவு வைத்துவிட்டு மறந்து, காலையில் பார்த்தால் முழுதும் ஆறிப்போன குக்கர் திறக்கவே மறுக்கும். உள்ளே ஆவி முழுதும் தண்ணீராகிவிட, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெயிட்டை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய் மூடி இளகிவிடும். கேஸ்கட் ஒட்டிக்கொண்டு அப்போதும் வரவில்லை என்றால் வெயிட் இல்லாமலேயே சிம்மில் ஓரிரு நிமிடம் காட்டினால் போதும். சுத்தியலுக்கு வேலை கிடையாது.

மூடியில் இன்னும் இரண்டு பொருள்களைக் காட்டிக் கொடுக்க வேண்டும். சேஃப்டி வால்வு என்ற சிறிய உலோகக் குமிழ் ஒன்று. அதன் நடுவில் குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை வைத்து அடைத்திருப்பார்கள். வெயிட் அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறினாலோ, தண்ணீர் வற்றிக் குக்கர் காய்ந்தாலோ சூடு கூடும். அந்தக் கலவை உருகி வழிவிட்டு, ஆவி பெருஞ்சத்தத்தோடு அந்த வழியே போகும். அப்படி ஆனால் கிட்டே போகாமல் அடுப்பை அணைத்துவிட வேண்டும், சிலிண்டர் பக்கத்து வால்வை மூடினாலும் சரி. குக்கர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. உருகிய வால்வுக்குப் பதில் அதே கம்பெனியின் புது வால்வுதான் போட வேண்டும். ஆணி, ஸ்க்ரூ, எம்-சீல் என்று எதைக் கொண்டும் அந்தத் துளையை அடைக்கக் கூடாது. அடைத்தால் கடைசி வாசலும் மூடியாயிற்று.

இன்னொன்று வெளிமூடியின் ஓரத்தில் இருக்கும் நீளவாட்டுப் பிளவு. பலர் அதை ஏதோ அச்சுப் பிசகு என்று நினைத்திருப்பார்கள். அழுத்தம் எல்லை மீறினால் கேஸ்கட் ரப்பர் அந்தப் பிளவு வழியே பிதுங்கி ஆவியை வெளிவிடும். பக்கவாட்டில் பாயும் அந்த ஆவி சமைப்பவர் மேல் படாமல் இருக்க, பிளவு சுவரைப் பார்க்கும்படி குக்கரை அடுப்பில் வைப்பது நல்லது.

கேஸ்கட்டை முதல் தடவை கழற்றிக் காட்டிவிடுவது மேல். மூடியின் உள்பள்ளத்தில் சுற்றிலும் ஒரே சீராக அது உட்கார வேண்டும். ஒரு பருக்கை சாதம் இடையில் ஒட்டியிருந்தாலும் அந்த இடத்தில் ஆவி ஒழுகும். ஒழுகினால் அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாவிட்டால் விசில் வராது. விசில் வராததால் அடுப்பை அணைக்காமல் காத்திருப்பார்கள். அதற்குள் அடித்தண்ணீர் வற்றிவிடும். புதிதாகக் குக்கர் வைக்கிறவருக்குச் சொல்ல வேண்டிய கணக்கு இது: வெயிட் போட்டுப் பத்து நிமிடமாகியும் விசில் வரவில்லையென்றால் காத்திருக்காதே, அணைத்துவிடு. பக்கத்தில் ஆவி ஒழுகியிருந்தால் கேஸ்கட். எங்குமே ஆவி வரவில்லையென்றால் அடைப்பு; அப்போது அணைத்துவிட்டு நன்றாக ஆறவிட வேண்டும், கைவைக்கவே கூடாது. வெயிட்டைச் சுற்றி மஞ்சளாகத் தண்ணீர் துப்பிக்கொண்டே இருந்தால் நிரப்பியது அதிகம் அல்லது தீ அதிகம். விசில் நின்றுபோய், வறுத்த மாதிரி ஒரு வாடை வந்தால் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

தளர்ந்த கேஸ்கட்டைச் சற்று நேரம் ஃப்ரீசரில் வைத்துப் போட்டால் அன்றைக்கு ஒழுகாது. உண்மைதான், ரப்பர் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். ஃப்ரீசரில் வைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டால் புதியது வாங்கும் நாள் வந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்த நிலையில் இருக்கும் குக்கரை இரவல் கொடுக்கவே வேண்டாம். கொடுக்கும் குக்கரில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக் குக்கருக்கான இந்தியத் தர எண் அது.

வாங்கிப் போகிறவர் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது. வாடகைக்கு அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் அதுதான் இருக்கும். சாதாரண அலுமினியக் குக்கர் அதில் சூடே ஆகாது. அடியில் இண்டக்‌ஷனுக்கான தகடு பதித்ததோ, காந்தம் ஒட்டும் அடியுள்ள ஸ்டீல் குக்கரோதான் வேண்டும். அப்படி இருந்தாலும் நம் அட்டையில் உள்ள "சிம்" அங்கே பொருந்தாது. வெயிட் மெல்லப் புசுபுசுக்கும் அளவுக்கு வாட்டைக் குறைத்துக்கொண்டு, அங்கிருந்து பத்து நிமிடம் என்று மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும்.

அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். அங்கே மற்ற சில பண்டங்களின் கணக்கு. எல்லாம் நடுத்தீயில், வெயிட் போட்ட பிறகு:

பாசிப்பருப்பு: 2 விசில். வறுத்திருந்தால் 3.
புழுங்கலரிசி, அரை மணி நேரம் ஊறியது: 5. தண்ணீர் ஒன்றுக்கு மூன்று.
உருளைக்கிழங்கு, பாதியாக வெட்டியது: 3. முழுதாக என்றால் 4 அல்லது 5.
பீட்ரூட், முழுதாக: 5.
கொண்டைக்கடலை, இரவு முழுதும் ஊறியது: 5, பிறகு சிம்மில் 10 நிமிடம்.
கோழிக்கறி: 2. நாட்டுக்கோழி என்றால் 5, தொட்டுப் பார்த்து மேலும்.
ஆட்டுக்கறி: 6, பிறகு சிம்மில் 5 நிமிடம்.

இந்தப் பட்டியலில் அரிசியையும் உருளைக்கிழங்கையும் நம்பலாம். அவை ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. கடலையும் கறியும் அப்படி அல்ல. கொண்டைக்கடலை பழசாக ஆக இறுகிக்கொண்டே போகும். ஒரு வருடம் டப்பாவில் கிடந்த கடலை எட்டு மணி நேரம் ஊறினாலும் புதுக்கடலையின் இரட்டை நேரம் கேட்கும். ஊறியதை நகத்தால் அழுத்திப் பார்த்து, நடுவில் கெட்டியாக இருந்தால் இன்னும் ஊறவிட வேண்டும். ஊறாததைக் குக்கர் சரிக்கட்டாது. கடலைத்தோல் உரிந்து மிதந்து குழாய் வாயை அடைக்கக்கூடியது என்பதால் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. ஆட்டுக்கறியில் இளசா முற்றலா என்பதைக் கசாப்புக் கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் தடவை குறைவாகவே விட்டு, ஆவி அடங்கியபின் திறந்து ஒரு துண்டை நசுக்கிப் பார்த்து, போதவில்லையென்றால் மறுபடி மூடி இரண்டு விசில் விடுவதுதான் வழி. குறைந்ததைக் கூட்டலாம், குழைந்துபோன கறியை ஒன்றும் செய்ய முடியாது.

இந்த எண்ணிக்கையெல்லாம் ஐந்து லிட்டர் குக்கருக்கு. கொடுப்பது மூன்று லிட்டர் என்றால் சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் ஆறிவிடும். அணைத்தபின் தானாக வேகும் நேரம் அதில் குறைவு, அதனால் ஒரு விசில் கூட்டிக்கொள்ள வேண்டும். அதேபோல் அடுக்குப் பாத்திரத்தில் வைக்காமல் நேரே குக்கரில் போட்டால் ஒரு விசில் குறைக்கலாம்.

குக்கர் திரும்பி வரும்போது மூடியை அழுத்தி மூடிய நிலையில்தான் பெரும்பாலும் வரும், மரியாதைக்காக. வாங்கியதும் திறந்துவிட வேண்டும். மூடியே வைத்தால் கேஸ்கட் நசுங்கிய வடிவத்திலேயே நின்றுபோகும், உள்ளே வாடையும் தங்கும். கேஸ்கட்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, குழாய்க்குள் ஒரு ஊக்கை விட்டு எடுத்து, மூடியைக் கவிழ்த்துக் குக்கர் மேல் வைத்துவிடலாம். கேஸ்கட் கறுத்து விறைத்திருந்தால் கடைக்குப் போகும்போது பழையதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். "அஞ்சு லிட்டர் கேஸ்கட் கொடுங்க" என்றால் கடைக்காரர் எந்தக் கம்பெனி, உள்மூடியா வெளிமூடியா என்று கேட்பார்.